நிழல் வேறு, கொசைன் வேறு

ஆண்டுதோறும் ஏப்ரல் 16-ஐ ஒட்டி மதுரையில் ஒரு நண்பகல் வரும். அப்போது நேராக நிற்கும் கம்பத்துக்கு நிழலே விழாது; சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். அந்த நண்பகல் கடிகாரத்தில் 12 மணி அல்ல, ஏறக்குறைய 12.17. நம் கடிகாரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கக்கோட்டுக்கு வைத்தது. மதுரை இருப்பதோ 78.1 பாகையில். பாகைக்கு நான்கு நிமிடம் என்று கணக்கிட்டால், சூரியன் நம் உச்சிக்கு வரப் பதினேழு நிமிடம் கூடுதலாகிறது. மற்ற மாதங்களில் இது கால் மணி நேரம் வரை முன்பின்னாகும். ஏப்ரல் நடுப்பகுதி போன்ற சில நாட்களில் மட்டும்தான் கணக்கு இவ்வளவு சுத்தமாக வரும்.

ஒன்பதாம் வகுப்பில் சைன், கொசைன் படிக்கும் அண்ணன் மகளுக்கு இதைவிட நல்ல நாள் கிடைக்காது என்று, ஒரு பெயின்ட் டப்பாவில் சிமென்ட் கலவையைக் கொட்டி, அரை இஞ்ச் பிவிசி குழாயை அதில் நட்டு மொட்டை மாடியில் வைத்தோம். தரையிலிருந்து குழாயின் நுனி சரியாக 100 செ.மீ. குழாய் நேராக நிற்கிறதா என்று கொத்தனாரின் தூக்குக்குண்டை வைத்துப் பார்த்தோம். மழைத்தண்ணீர் வடிய மாடியில் சரிவு போட்டிருப்பார்கள் என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. நூறுக்கு ஒன்று என்ற சிறு சரிவே காலை நிழலில் இரண்டு மூன்று செ.மீ. பிசகைக் கொண்டுவந்துவிடும். ஒரு பலகையை ரசமட்டம் பார்த்துப் போட்டு, அதன் மேல்தான் அளந்தோம்.

காலை 8.17. அதாவது உச்சிக்கு நான்கு மணி நேரம் முன்பு. நிழல் 166 செ.மீ. அவள் நோட்டில் எழுதிய முதல் வரி: கொசைன் = 166 ÷ 100 = 1.66. எழுதிவிட்டு அவளே நிறுத்தினாள்.

“சித்தப்பா, கொசைன் ஒண்ணுக்கு மேல போகாதுன்னு மிஸ் சொன்னாங்க. இது ஒண்ணரையைத் தாண்டிருச்சே?”

பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். தரையில் கிடக்கிற நீளம் கொசைன், நிற்கிற நீளம் சைன் என்று பாதியை மட்டும் மனத்தில் வாங்கிக்கொள்கிறோம். மூன்றாவது பக்கம் கண்ணில் படுவதில்லை, ஏனென்றால் அது வெறும் காற்றில் இருக்கிறது. குழாயின் நுனியில் ஒரு கயிற்றைக் கட்டி, நிழலின் நுனிவரை விறைப்பாக இழுத்துப் பிடிக்கச் சொன்னேன். கயிறு 194 செ.மீ. நுனியைத் தொட்டுக்கொண்டு போகும் வெயில் வரும் வழி அது. பாடப்புத்தகம் கர்ணம் என்று சொல்வது அதைத்தான்.

இப்போது கம்பையும் நிழலையும் கயிற்றால் வகுக்க வேண்டும். கம்பு 100-ஐ 194-ஆல் வகுத்தால் 0.515, அது சைன். நிழல் 166-ஐ 194-ஆல் வகுத்தால் 0.856, அது கொசைன். இரண்டையும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டினால் 0.998 வருகிறது. ஒன்றுக்கு இவ்வளவு கிட்டத்தில் வந்தால் அளவு சரி. மிகவும் விலகியிருந்தால் கம்பு சாய்ந்திருக்கிறது, அல்லது கயிறு தொய்ந்திருக்கிறது என்று அர்த்தம். கோணத்தைத் தேடினால் 31 பாகை: அந்த நேரத்தில் சூரியன் அடிவானிலிருந்து ஏறியிருந்த உயரம்.

10.17-க்கு மறுபடி அளந்தோம். நிழல் 57 செ.மீ., கயிறு 115. சைன் 0.87, கொசைன் 0.5-ஐ ஒட்டி. சூரியன் ஏற ஏற சைன் வளர்கிறது, கொசைன் தேய்கிறது. காலையில் இருந்த எண்கள் இரண்டும் ஏறக்குறைய இடம் மாறிவிட்டதை அவளே கண்டுபிடித்தாள். 31 பாகையும் 60 பாகையும் சேர்ந்தால் தொண்ணூறுக்குப் பக்கம் வருகிறதே, அதனால்தான்.

கம்பின் நீளம் மாறாது, கயிறு மட்டும் மாறிக்கொண்டே இருக்கும் என்பது இந்த முறையின் தொந்தரவு. கயிற்றை மாறாமல் வைத்தால்? ஒரு மீட்டர் குச்சியின் அடியைப் பலகையில் ஊன்றி, நுனியைச் சூரியன் பக்கம் திருப்பினோம். கண்ணால் சூரியனைப் பார்க்கவே கூடாது. குச்சியின் நிழல் சுருங்கி அதன் அடியிலேயே ஒரு புள்ளியாக ஆகும்வரை திருப்பினால் போதும். பிறகு நுனியிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால், நூலின் நீளம் அப்படியே சைன். அடியிலிருந்து குண்டு தொடும் இடம்வரை கொசைன். வகுத்தல் வேலையே இல்லை. நாளெல்லாம் இப்படித் திருப்பினால் குச்சியின் நுனி வில்போல் வளைந்த பாதையில் போகும். தொங்கும் நூல் அந்த வில்லின் பாதி நாண். 499-ஆம் ஆண்டுக் காலத்து ஆரியபட்டர் பட்டியல் போட்டுக் கொடுத்ததும் இந்தப் பாதி நாணைத்தான். நாணைக் குறிக்கும் ‘ஜ்யா’ என்ற சொல் அரபுக்குப் போய், அங்கிருந்து லத்தீனில் தவறாக மொழிபெயர்ந்து ‘சைன்’ ஆனது.

இனி நிழலுக்கு வருவோம். ஒரு மீட்டர் கம்பின் நிழல் என்பது கொசைனைச் சைனால் வகுத்தது. அதனால்தான் 7.17-க்கு நிழல் 342 செ.மீ. நீண்டு கைப்பிடிச் சுவரில் ஏறிவிடுகிறது. அந்த நேரத்தில் கொசைன் 0.96 மட்டுமே, ஒன்றைத் தாண்டவில்லை. ஆனால் வகுக்கும் சைன் 0.28-ஆக இளைத்திருக்கிறது. சிறிய எண்ணால் வகுத்தால் விடை பெரிதாகத்தானே வரும்?

நீண்ட நிழலை அளப்பதில் ஒரு சங்கடம் உண்டு. அதன் நுனி கத்தி முனைபோல் இருக்காது. சூரியன் புள்ளி அல்ல, வானத்தில் அரைப் பாகை அகலமுள்ள வட்டு, அதனால் 8.17 நிழலின் நுனியில் மூன்றரை செ.மீ. அளவுக்குச் சாம்பல் நிறமாகக் கலங்கியிருந்தது. அந்தக் கலங்கலின் நடுவில் கோடு போட வேண்டும். உச்சியை நெருங்கும்போது அது ஒரு செ.மீ.க்குள் அடங்கிவிடுகிறது.

12.17. குழாயின் அடியில் ஒன்றுமில்லை. சைன் 1, கொசைன் 0, கயிறு கம்போடு ஒட்டிக்கொண்டது. இந்த நிமிடம் கம்பு நேராக நிற்கிறதா என்பதற்கும் சோதனை: ஒரு பாகை சாய்ந்திருந்தாலும் 1.7 செ.மீ. நிழல் காட்டிக் கொடுத்துவிடும்.

இதே ஊரில் இதை வைத்து வேலை செய்திருக்கிறார்கள். நக்கீரரின் நெடுநல்வாடை, பாண்டியன் அரண்மனைக்கு மனை வகுத்ததைச் சொல்லும்போது, இரு கோல்களை நட்டு, நிழல் எந்தப் பக்கமும் சாயாத நடுப்பகலில் கயிறிட்டுத் திசை பார்த்ததைச் சொல்கிறது. அந்த நடுப்பகல் சித்திரை மாதத்தது என்று நச்சினார்க்கினியர் உரை விளக்குகிறது. நாங்கள் மாடியில் நின்றதும் சித்திரை மூன்றாம் நாள்.

அவள் கேட்டாள், “நாளைக்கு நிழல் எந்தப் பக்கம் விழும்?” தெற்கே, அரை செ.மீ. சூரியன் நம்மைத் தாண்டி வடக்கே போய்விடும். ஜூன் 21 நண்பகலில் நிழல் தெற்கே 24 செ.மீ. இருக்கும். பிறகு திரும்பி, ஆகஸ்ட் 27-ஐ ஒட்டி மறுபடி மறைந்து, டிசம்பர் 21-இல் வடக்கே 66 செ.மீ. வரை போகும். பலகையில் அந்த இரண்டு இடங்களிலும் சாக்பீஸால் கோடு போட்டு, கம்பை எடுக்காமல் விட்டு வந்தோம்.