லாபம் பத்து கோடி, பணம் எங்கே?

நிதி ஆய்வாளர் வேலைக்கான நேர்காணலில் பொதுவாக ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையிலிருந்து சில பக்கங்களைக் கையில் கொடுத்து, ஒரு மணி நேரம் தருவார்கள். இந்த நிறுவனம் என்ன விலை பெறும் என்று கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். பிறகு எதிரே இரண்டு பேர் உட்கார்ந்து, அந்த விலைக்குள் இருக்கும் ஒவ்வொரு எண்ணையும் பிடித்து இழுத்துப் பார்ப்பார்கள். பதற்றத்தில் பலரும் விலையைக் கண்டுபிடிப்பதிலேயே நேரத்தைச் செலவிடுகிறார்கள். எதிரே இருப்பவர்களுக்கு வேண்டியது, அந்த விலை அறிக்கையின் எந்த வரியிலிருந்து கிளம்பி வந்தது என்பது.

கற்பனையாக ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். கோவையில் மோட்டார் பம்புசெட் தயாரிக்கிறது, கடன் இல்லை. சென்ற ஆண்டு விற்பனை 100 கோடி ரூபாய், இந்த ஆண்டு 120 கோடி. வரி போக நிகர லாபம் 8 கோடியிலிருந்து 10 கோடியாகியிருக்கிறது. லாப நட்டக் கணக்கோடு நிறுத்திக்கொள்பவருக்கு இது அருமையான நிறுவனம்.

அடுத்து பாலன்ஸ் ஷீட். டீலர்களும் மற்ற வாடிக்கையாளர்களும் தரவேண்டிய பாக்கி 20 கோடியிலிருந்து 34 கோடிக்கு ஏறியிருக்கிறது. விற்பனை கூடியது 20 சதவீதம்தான், பாக்கியோ 70 சதவீதம். இதை நாட்களாக மாற்றினால் விஷயம் இன்னும் தெளிவாகும். பாக்கியை விற்பனையால் வகுத்து 365-ஆல் பெருக்கினால், சென்ற ஆண்டு சராசரியாக 73 நாளில் வந்துகொண்டிருந்த பணம் இப்போது 103 நாள் எடுத்துக்கொள்கிறது. பம்பு போய்விட்டது, பில் போட்டாகிவிட்டது, லாபமும் எழுதியாகிவிட்டது. காசு மட்டும் வரவில்லை.

மூன்றாவது பக்கமான பணப்புழக்க அறிக்கை இதை உறுதி செய்யும். 10 கோடி லாபத்தோடு, கையை விட்டுப் போகாத செலவான தேய்மானம் 4 கோடியைக் கூட்ட வேண்டும். பாக்கியில் முடங்கிய 14 கோடியையும், கிடங்கில் கூடுதலாகச் சேர்ந்த 3 கோடி சரக்கையும் கழிக்க வேண்டும். மூலப்பொருள் கொடுத்தவர்களுக்கு நாம் தள்ளிப்போட்ட 2 கோடியைச் சேர்க்க வேண்டும். மிஞ்சுவது மைனஸ் 1 கோடி. பத்து கோடி சம்பாதித்ததாகச் சொல்லும் தொழில், அந்த ஆண்டு தன் அன்றாட வேலையில் ஒரு கோடியை இழந்திருக்கிறது.

இங்கே அவசரப்பட்டு “மோசடி” என்று சொல்லிவிடக் கூடாது. பாக்கி ஏற இரண்டு விதமான காரணங்கள் இருக்கலாம். அரசுத் திட்டங்களுக்குச் சப்ளை செய்திருந்தால் பணம் தாமதமாகும், ஆனால் பெரும்பாலும் வந்துவிடும். மார்ச் மாத இலக்கை எட்ட, டீலர் கேட்காத சரக்கையும் அவர் தலையில் கட்டியிருந்தால் கதை வேறு. அது அடுத்த காலாண்டில் திரும்பி வரும். எது என்று கண்டுபிடிக்க அறிக்கைக்குப் பின்னால் இருக்கும் குறிப்புகளுக்குப் போக வேண்டும். பாக்கியை அதன் வயதுவாரியாகப் பிரித்துக் காட்டும் அட்டவணையை இந்திய நிறுவனங்கள் 2021-இல் வந்த திருத்தத்திலிருந்து வெளியிட்டாக வேண்டும். நம் நிறுவனத்தில் 34 கோடியில் 9 கோடி, கெடு முடிந்து ஆறு மாதத்தைத் தாண்டியது என்று வைத்துக்கொள்வோம். கடைசிக் காலாண்டு விற்பனை மட்டும் வழக்கத்தைவிட வீங்கியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இந்த இரண்டையும் தானாகவே தேடிப் போகிற விண்ணப்பதாரரை நேர்காணல் செய்பவர்கள் உடனே கவனிப்பார்கள்.

இனி விலைக்கு வருவோம். ஒரு தொழிலின் மதிப்பு என்பது, அது இனி வரும் ஆண்டுகளில் உரிமையாளர் கையில் மிச்சம் வைக்கும் பணத்தின் இன்றைய மதிப்பு. அடுத்த ஆண்டு விற்பனை 10 சதவீதம் வளரும் என்றால் லாபம் 11 கோடி. தேய்மானம் 4 கோடியைக் கூட்டி, புதிய இயந்திரங்களுக்கு 5 கோடியைக் கழிக்கலாம். இதோடு நிறுத்தினால் 10 கோடி வரும், பலர் இங்கேதான் நிறுத்துகிறார்கள். ஆனால் பாக்கியும் சரக்குமாக, நாம் கொடுக்க வேண்டியது போக, இந்தத் தொழிலில் 38 கோடி முடங்கிக் கிடக்கிறது. அது விற்பனையில் ஏறக்குறைய 32 சதவீதம். விற்பனை 12 கோடி கூடினால் இன்னும் சுமார் 4 கோடி முடங்கும். ஆக, கையில் மிஞ்சுவது 6 கோடி.

இந்த 6 கோடி ஐந்தாண்டுகள் 10 சதவீதம் வளர்ந்து, அதன்பின் என்றென்றைக்கும் 5 சதவீதம் வளரும் என்றும், வருங்காலப் பணத்தை 13 சதவீத விகிதத்தில் இன்றைக்குக் கழித்துக் கொண்டுவருவதாகவும் வைத்தால், முதல் ஐந்தாண்டுகளின் மதிப்பு 25 கோடி, அதற்கப்புறமான காலத்தின் மதிப்பு 63 கோடி, மொத்தம் 88 கோடி. மதிப்பில் பத்தில் ஏழு பங்குக்கு மேல் யாரும் பார்த்திராத காலத்திலிருந்து வருகிறது. அந்த 5-ஐ 6 ஆக்கி, 13-ஐ 12 ஆக்கினால் 88 கோடி 114 கோடியாகிவிடும். இந்த ஆட்டத்தை நேர்காணலில் கேட்பதற்கு முன்பே நீங்களே போட்டுக் காட்டுவது நல்லது.

இனிதான் குறுக்குக் கேள்விகள். “ஏன் 13?” அரசுக் கடன் பத்திரம் சுமார் 7 சதவீதம் தருவதாகக் கொண்டால், சிறிய தொழிலின் ஆபத்துக்கு மேலே 6 கேட்கிறேன் என்று சொல்லலாம். “ஏன் 5?” ரிசர்வ் வங்கியின் பணவீக்க இலக்கே 4 சதவீதம், அதற்கு மேல் ஒரு சதவீத உண்மையான வளர்ச்சியை மட்டும் கொடுத்திருக்கிறேன், எந்த நிறுவனமும் நாட்டின் பொருளாதாரத்தைவிட வேகமாக என்றென்றைக்கும் வளர முடியாது.

எனக்குப் பிடித்த கேள்வி இதற்கு அடுத்தது. “சென்ற ஆண்டு 20 சதவீதம் வளர்ந்த நிறுவனத்துக்கு 10 தானா? 20 போடுங்களேன், விலை ஏறுமே.” அழுத்தத்தில் தலையாட்டிவிட்டால் போச்சு. பிடிவாதமாக மறுத்தாலும் பயனில்லை. கணக்கைத் திறந்து காட்ட வேண்டும்: “சார், 20 போட்டா லாபம் 12 கோடி ஆகுது. ஆனா விற்பனை 24 கோடி கூடும்போது அதுல ஏழரைக் கோடிக்கு மேல பாக்கியாவும் சரக்காவும் முடங்கிடுது. அடுத்த வருஷம் கையில நிக்கிறது 6 கோடி இல்ல, மூன்றரைக் கோடிக்கும் கொஞ்சம் கம்மி.” வசூல் இதே வேகத்தில் இருக்கும்வரை, வேகமாக வளர்வது இந்த நிறுவனத்துக்குப் பணப் பஞ்சத்தைத்தான் தரும். வளர்ச்சி, முதலீடு, பாக்கி மூன்றும் ஒன்றோடொன்று கட்டுண்டவை. ஒன்றை மட்டும் தனியே நகர்த்தியவரின் கணக்கு இந்த இடத்தில் உடைந்துவிடும்.

வேறொரு தாக்குதலும் வரும். “இதே மாதிரி கம்பெனிங்க லாபத்தைப் போல 20 மடங்குக்கு விற்குது, உங்க விலை 9 மடங்குகூட வரலையே?” இது நியாயமான கேள்வி. அந்த நிறுவனங்களின் லாபத்தில் எவ்வளவு பணமாகிறது என்று பார்க்காமல் மடங்கை ஒப்பிட முடியாது என்று சொல்லலாம். அவற்றின் வசூல் நாட்களைப் பார்க்காமல் அதைச் சொன்னால் வெறும் சமாளிப்பு. பார்த்த பிறகும் அவையும் இதே மாதிரிதான் என்றால், விலையைத் திருத்திக்கொள்வதில் தவறில்லை. புதிய தகவலுக்காக மாறுவதும், குரல் உயர்ந்ததற்காக மாறுவதும் எதிரே இருப்பவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

கடைசியில் பெரும்பாலும் கேட்பது, “எதைப் பார்த்தால் உங்கள் எண்ணை மாற்றுவீர்கள்?” நம் பம்பு நிறுவனத்துக்குப் பதில் கைவசம் இருக்கிறது. வசூல் மறுபடி 73 நாளுக்கு வந்தால், முடங்கிய 10 கோடி திரும்பும், ஆண்டுதோறும் முடங்குவதும் 4 கோடியிலிருந்து 3 கோடியாகக் குறையும். மதிப்பு 110 கோடியைத் தாண்டிவிடும். ஆறு மாதம் கடந்த அந்த 9 கோடி அடுத்த அறிக்கையில் ஓராண்டு கடந்த கட்டத்துக்கு நகர்ந்திருந்தால், அதை வராக் கடனாகக் கழித்துவிட்டு, இந்த ஆண்டு எழுதிய 10 கோடி லாபத்தையே திரும்ப எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கும்.