கேமராவில் ஒரு செல் நிற்பதும் இன்னொரு செல் உழைப்பதும் எதனால்?

ஏஏ செல்லுக்குள் மின்சாரம் மிச்சமிருக்கும்போதே டிஜிட்டல் கேமரா நின்றுவிடும். பேட்டரியை மாற்றச் சொல்லித் திரை அணைந்த பிறகு, அதே செல்லைக் கழற்றிச் சுவர்க் கடிகாரத்தில் போட்டால் மாதக்கணக்கில் ஓடும். ஒரே அளவு, ஒரே 1.5 வோல்ட் கொண்ட இரண்டு பிராண்டு செல்கள் கடிகாரத்தில் ஏறக்குறைய ஒன்றுபோலவே நடந்துகொள்கின்றன. கேமராவிலோ ஒன்று இன்னொன்றைவிடப் பல மடங்கு படங்களுக்கு ஈடுகொடுக்கிறது. இந்த வித்தியாசத்தின் பெரும்பகுதிக்குக் காரணம் செல்லின் அகமின்தடை. அதாவது, மின்சாரம் செல்லை விட்டு வெளியே வருவதற்கு முன்பே செல்லுக்குள் சந்திக்கும் தடை.

சுவர்க் கடிகாரம் சராசரியாக ஒரு மில்லியாம்பியருக்கும் குறைவாகவே இழுக்கிறது. டிவி ரிமோட் பட்டனை அழுத்தும் நேரத்தில் மட்டும் சில பத்து மில்லியாம்பியர் கேட்கிறது. கேமராவின் பசி வேறு வகை. பின்பக்கத் திரை தொடர்ந்து எரிகிறது, மோட்டார் லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்துகிறது, ஒவ்வொரு ஃபிளாஷுக்குப் பிறகும் அதன் மின்தேக்கி மறுபடி நிரம்ப வேண்டியிருக்கிறது. ஏஏ செல்களைக் கேமராவுக்காகச் சோதிப்பதற்கென்றே சர்வதேசத் தரநிலையில் ஒரு முறை உண்டு. ஒவ்வொரு செல்லிலிருந்தும் 2 விநாடி 1.5 வாட், அடுத்த 28 விநாடி 0.65 வாட் எடுக்கிறார்கள். இந்தச் சுற்றைப் பத்து முறை, அதாவது ஐந்து நிமிடம் செய்துவிட்டு, அந்த மணியின் மீதி நேரம் முழுக்கச் செல்லுக்கு ஓய்வு தருகிறார்கள். மின்னழுத்தம் 1.05 வோல்ட்டுக்கு இறங்கும்போது சோதனை முடிகிறது. அந்தக் கட்டத்தில் செல் காலியாகியிருக்க வேண்டும் என்பதில்லை. கேமராவுக்குப் பயன்படாத நிலைக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தச் சோதனை மின்னோட்டத்தைச் சொல்லாமல் வாட்டைச் சொல்வதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. கேமராவுக்குள் உள்ள மின்சுற்று, செல் எந்த மின்னழுத்தத்தில் இருந்தாலும் தனக்கு வேண்டிய திறனை வாங்கியே தீரும். மின்னழுத்தம் குறைந்தால் அதை ஈடுகட்டக் கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும். கூடுதல் மின்னோட்டம் அகமின்தடையில் கூடுதல் இழப்பை உண்டாக்கி மின்னழுத்தத்தை இன்னும் இறக்கும். அதனால் மின்தடையில் இருக்கும் சிறு வித்தியாசமும் கேமராவில் பெரிதாகிவிடுகிறது.

இதைக் கணக்காகவே பார்க்கலாம். பாதி உபயோகித்த இரண்டு அல்கலைன் செல்கள் இருப்பதாகக் கொள்வோம். எதிலும் இணைக்காமல் மல்டிமீட்டரில் அளந்தால் இரண்டும் 1.3 வோல்ட் காட்டுகின்றன. முதல் செல்லின் அகமின்தடை 0.15 ஓம், இரண்டாவதுடையது 0.20 ஓம். இரண்டிடமும் கேமரா 1.5 வாட் கேட்கிறது. முதல் செல்லில் சுமார் 1.37 ஆம்பியர் ஓடுகிறது, 0.21 வோல்ட் உள்ளேயே தொலைந்து, 1.09 வோல்ட் வெளியே கிடைக்கிறது. 1.05 என்ற எல்லைக்கு மேலே இருப்பதால் படம் எடுக்க முடிகிறது. இரண்டாவது செல்லில் 1.5 ஆம்பியர் ஓட வேண்டியிருக்கிறது, 0.3 வோல்ட் உள்ளே போய், 1.0 வோல்ட்தான் மிஞ்சுகிறது. கேமரா அணைந்துவிடுகிறது. வித்தியாசம் வெறும் 0.05 ஓம். இதே இரண்டு செல்களையும் 20 மில்லியாம்பியர் இழுக்கும் ஒரு சிறு கருவியில் போட்டால், ஒன்றில் 3 மில்லிவோல்ட்டும் மற்றதில் 4 மில்லிவோல்ட்டும் குறையும். அந்தக் கருவியை வைத்திருப்பவருக்கு எது நல்ல செல் என்று ஒருநாளும் தெரியப்போவதில்லை.

இந்தத் தடையின் அளவை முதலில் தீர்மானிப்பது செல்லின் வேதியியல். இந்தியக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் செல்களில் பெரும்பகுதி துத்தநாக-கார்பன் வகை. அதில் வெளிக்கூடே துத்தநாகத்தால் ஆனது. அந்தக் கூட்டின் உட்பரப்பில் மட்டுமே வேதிவினை நடக்க முடியும். பரப்பு குறைவு என்பதால் வேகமும் குறைவு. கேமராவில் இது சில படங்களிலேயே நின்றுபோவது சகஜம், சிலவற்றில் கேமரா இயங்கவே தொடங்காது. இதே வகைச் செல்களின் மேல் 'ஹெவி டியூட்டி' என்று அச்சிடுவது பழைய வழக்கம். கடுமையான உழைப்புக்கு ஏற்றது என்று நம்பி அதைக் கேமராவுக்கு வாங்குபவர் ஏமாந்துதான் போவார். செல்லின் மேல் சிறிய எழுத்தில் இருக்கும் குறியீடு அப்படி ஏமாற்றாது. R6 என்றால் துத்தநாக-கார்பன், LR6 என்றால் அல்கலைன், HR6 என்றால் ரீசார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் வகை, FR6 என்றால் லித்தியம்.

அல்கலைன் செல்லை 1950களில் அமெரிக்காவின் யூனியன் கார்பைடு நிறுவனத்தில் உருவாக்கியவர் லூயிஸ் உர்ரி. துத்தநாகத்தைக் கூடாக வைக்காமல் பொடியாக்கிப் பயன்படுத்தியதுதான் அவர் செய்த பெரிய மாற்றம். பொடியின் ஒவ்வொரு துகளும் மின்பகுளியைத் தொடுவதால் வினை நடக்கும் பரப்பு பல மடங்கு பெருகியது. இன்றைய செல்லில் அந்தப் பொடி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கலந்த கூழாக நடுவில் இருக்கிறது. அதற்குள் ஒரு பித்தளை ஆணி இறங்கி மின்சாரத்தைச் சேகரிக்கிறது. சுற்றிலும் பிரிப்புத்தாள், அதற்கு வெளியே எஃகுக் கூட்டை ஒட்டி அழுத்தப்பட்ட மாங்கனீசு டைஆக்சைடு வளையம்.

எல்லா அல்கலைன் பிராண்டுகளிலும் இதே அமைப்புதான் என்றால் அவற்றுக்குள் ஏன் இத்தனை வேறுபாடு? மாங்கனீசு டைஆக்சைடு மின்சாரத்தை நன்றாகக் கடத்தாது. அதனால் கிராஃபைட் கலக்கிறார்கள். கிராஃபைட் கூடினால் தடை குறையும், ஆனால் அது தானாக மின்சாரம் தருவதில்லை. அது பிடிக்கும் இடம் உண்மையான எரிபொருளுக்கு இல்லாமல் போகிறது. கடிகாரத்தை மனதில் வைத்துக் கலந்தால் ஒரு விகிதம், கேமராவுக்கு என்றால் வேறு விகிதம். துத்தநாகப் பொடியை மேலும் நுண்ணியதாக்கினால் பரப்பு கூடும். ஆனால் ஹைட்ரஜன் வாயு உருவாவதும் கூடி, கசிவுக்கு வழிசெய்யும். அதைத் தடுக்கத் துத்தநாகத்தின் தூய்மையும் உலோகக் கலவையும் சரியாக இருக்க வேண்டும், அதற்குச் செலவாகும். பிரிப்புத்தாளை மெல்லியதாக்கினால் அயனிகள் எளிதாகக் கடக்கும். கூடவே உள்ளே குறுக்கிணைப்பு ஏற்படும் ஆபத்தும் வளரும். எஃகுக் கூட்டின் உட்புறம் பூசும் கார்பன் படலத்தின் தரம்கூட எண்ணிக்கையில் தெரிந்துவிடும். மலிவான செல்லைத் தயாரிப்பவர் இவற்றில் எதை விட்டுக்கொடுத்தாலும் கடிகாரம் காட்டிக்கொடுக்காது, கேமரா காட்டிக்கொடுத்துவிடும்.

அதிக மின்னோட்டத்தில் இன்னொன்றும் நடக்கிறது. துத்தநாகத்தின் அருகே ஹைட்ராக்சைடு அயனிகள் தீர்ந்து, துகள்களின் மேல் துத்தநாக ஆக்சைடு படலம் படிகிறது. மறுபக்கம் மாங்கனீசு டைஆக்சைடுத் துகள்களின் மேற்பரப்பு மட்டும் பயன்பட்டு, உள்பகுதி தொடப்படாமல் நிற்கிறது. நல்ல அல்கலைன் செல்லை 25 மில்லியாம்பியரில் மெதுவாக எடுத்தால் சுமார் 3000 மில்லியாம்பியர்-மணி கிடைக்கும். அரை ஆம்பியரில் எடுத்தால் அதில் ஏறக்குறைய பாதிதான். ஓய்வு கொடுத்தால் அயனிகள் பரவி நிலைமை கொஞ்சம் சீராகும். கேமராவை அணைத்து அரை மணி கழித்துப் போட்டால் மேலும் சில படங்கள் கிடைப்பது இதனால்தான்.

டிஜிட்டல் கேமராக்கள் பரவிய காலத்தில் நிறுவனங்கள் இந்த இடத்தில்தான் போட்டியிட்டன. டியூராசெல் 1998இல் அல்ட்ரா என்ற வகையை அதிக மின்னோட்டக் கருவிகளுக்கென்று கொண்டுவந்தது. பானாசோனிக் 2004இல் ஆக்ஸிரைடு செல்லை வெளியிட்டது. அதில் மாங்கனீசு டைஆக்சைடுடன் நிக்கல் ஆக்ஸிஹைட்ராக்சைடும் சேர்ந்திருந்ததால் புதுச் செல்லின் மின்னழுத்தம் 1.7 வோல்ட் வரை இருந்தது. கேமராவில் அது நன்றாக உழைத்தது, 1.5 வோல்ட்டை எதிர்பார்த்து வடிவமைத்த சில கருவிகளுக்கு அந்த அழுத்தம் அதிகம். சில ஆண்டுகளில் அது மறைந்தது, 2008இல் அதன் இடத்துக்கு வந்த எவோல்டா மறுபடியும் அல்கலைன் வகையே.

கேமராவைப் பொறுத்தவரை உண்மையான தீர்வு அல்கலைனுக்கு வெளியே இருக்கிறது. லித்தியம்-இரும்பு டைசல்ஃபைடு செல்லிலும் நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு செல்லிலும் மின்முனைகள் நீண்ட மெல்லிய தகடுகளாகச் சுருட்டப்பட்டிருக்கின்றன. பரப்பு மிகப் பெரிது, அயனி கடக்கும் தூரம் மிகச் சிறிது. நிக்கல் செல்லின் அகமின்தடை 0.03 ஓம் அளவில்தான் இருக்கும். மேலே போட்ட கணக்கை இதற்கும் போடலாம். இணைக்காதபோது வெறும் 1.25 வோல்ட் காட்டும் செல், 1.5 வாட் கேட்கும்போது 1.21 வோல்ட் தருகிறது. 1.3 வோல்ட்டில் இருந்த இரண்டு அல்கலைன் செல்களையும் அது முந்திவிடுகிறது. லேபிளில் 1.2 வோல்ட் என்று பார்த்து இதை வலுவற்றது என்று ஒதுக்குவது தவறு. சில கேமராக்களின் மெனுவில் பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு. அதை மாற்றாவிட்டால் நிறைந்திருக்கும் நிக்கல் செல்லையும் கேமரா தீர்ந்ததாகக் கருதக்கூடும்.

நிக்கல் செல்களிலும் பிராண்டு வேறுபாடு உண்டு. பழைய வகைகள் சும்மா வைத்திருந்தாலே சில வாரங்களில் மின்னேற்றத்தில் பெரும் பங்கை இழந்தன. சான்யோ 2005இல் கொண்டுவந்த எனிலூப், கொள்ளளவைச் சுமார் 2000 மில்லியாம்பியர்-மணியில் நிறுத்திக்கொண்டு, அந்த இழப்பை வெகுவாகக் குறைத்தது. இந்த அளவு செல்லில் 3000க்கும் மேல் என்று அச்சிட்டிருந்தால் அந்த எண்ணை நம்ப வேண்டாம்.

வாங்கிய செல் எப்படிப்பட்டது என்று அறிய, மல்டிமீட்டரை நேராக வைத்தால் மட்டும் போதாது. சுமை கொடுத்து அளக்க வேண்டும். 1 ஓம், 5 வாட் மின்தடையம் ஒன்றைச் செல்லின் இரு முனைகளுக்கிடையே இரண்டு மூன்று விநாடி வைத்து அளக்கலாம். புதிய அல்கலைன் செல் 1.55 வோல்ட்டிலிருந்து 1.3 வோல்ட்டுக்கு இறங்கினால் அகமின்தடை சுமார் 0.19 ஓம். 1.0 வோல்ட்டுக்கு விழுந்தால் 0.55 ஓம், அதைக் கடிகாரத்துக்கு ஒதுக்கிவிடலாம். மின்தடையம் சூடாகும், அதிக நேரம் பிடிக்கக் கூடாது.

கேமராவில் இரண்டு அல்லது நான்கு செல்கள் தொடராக இருப்பதால் மிகப் பலவீனமான ஒன்றுதான் மொத்தத்தையும் நிறுத்துகிறது. வெவ்வேறு பிராண்டு, வெவ்வேறு வயதுச் செல்களைக் கலந்து போட்டால், முதலில் தீரும் செல்லின் வழியாக மற்றவை மின்னோட்டத்தைத் தள்ளும். அதன் முனைகள் தலைகீழாகி, வாயு உருவாகி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கசிந்து கேமராவின் தொடுமுனைகளை அரிக்கும். அதனால் ஒரே பிராண்டில், ஒரே நேரத்தில் வாங்கியவற்றை ஒன்றாகப் போட்டு ஒன்றாகவே மாற்ற வேண்டும். அடிக்கடி படம் எடுப்பவருக்கு நிக்கல் செல்லும், ஆண்டுக்குச் சில முறை மட்டும் கேமராவைத் தொடுபவருக்கு லித்தியம் செல்லும் சரியான தேர்வு. அவசரத்துக்கு அல்கலைன் வாங்கலாம், LR6 என்று பார்த்து வாங்குங்கள்.