சன்மானத்தில் பிடிக்கும் வரி

பெங்களூரின் தெற்கே, ஓசூர் நெடுஞ்சாலையை ஒட்டி எலெக்ட்ரானிக் சிட்டி அமைந்துள்ளது. அங்கே தொழிற்சாலைகளும் கணினி நிறுவனங்களும் மட்டுமின்றி உயர்கல்வி நிலையங்களும் உள்ளன. கல்வி நிலையங்கள் சில பாடங்களைக் கற்பிக்கத் தொழில் அனுபவம் மிக்கவர்களை வெளியிலிருந்து அழைப்பதுண்டு. அவ்வாறு செல்வோரில் தமிழரும் உளர். அவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. ஒரு வகுப்புக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே வகுத்த சன்மானம் உண்டு. பேசிய தொகை ஒன்றாகவும் கைக்கு வந்த தொகை வேறாகவும் இருப்பதைக் கண்டு மனம் கலங்குவோர்க்காகவே இவ்விளக்கம்.

சன்மானம் கொடுப்பவரே அதிலிருந்து வருமான வரியைப் பிடித்து அரசாங்கத்திடம் கட்டிவிட வேண்டும் என்பது சட்டம். விரிவுரைச் சன்மானத்தைத் தொழில்முறைக் கட்டணமாகக் கொண்டு நூற்றுக்குப் பத்து வீதம் பிடிப்பது நிறுவனங்களின் வழக்கம். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் இது 194-ஜே என்னும் பிரிவு. 2026 ஏப்ரல் முதல் தேதி தொடங்கும் ஆண்டிலிருந்து 2025ஆம் ஆண்டின் புதுச் சட்டத்துக்கு இடம் மாறுவதால் பிரிவின் எண் மாறுகிறது, முறை மாறவில்லை. இது மத்திய அரசின் வரி. ஆகவே ஓசூரில் குடியிருந்து பெங்களூரில் பாடம் சொன்னாலும் கணக்கு ஒன்றே.

ஒரே நிறுவனம் ஒரு நிதியாண்டில் ஒருவருக்குக் கொடுக்கும் தொகை 50,000 ரூபாயைத் தாண்டாதவரை பிடித்தம் இல்லை. 2025 ஏப்ரலுக்கு முன் இவ்வரம்பு 30,000 ரூபாயாக இருந்தது. குழப்பம் பிறப்பது இவ்விடத்திலேதான். வரம்பைத் தாண்டினால், தாண்டிய மிகுதிக்கு மட்டும் வரி என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று, முதல் ரூபாயிலிருந்தே வரி பிடிக்கப்பெறும்.

ஓர் உதாரணம் காண்போம். ஒரு பொறியாளர் 2025 ஜூலை 5 முதல் சனிக்கிழமைதோறும் எட்டு வகுப்புகள் நடத்த ஒப்புக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வகுப்பு ஒன்றுக்கு 6,000 ரூபாய். எட்டுக்கும் சேர்த்து 48,000 ரூபாய்; பிடித்தம் ஏதுமின்றி முழுத் தொகையும் கிடைத்துவிடுகிறது. பின்னர் மாணவர் வேண்டுகோளுக்கிணங்க மேலும் இரண்டு வகுப்புகள் சேர்க்கப்பெறுகின்றன. ஒன்பதாம் வகுப்புடன் மொத்தம் 54,000 ரூபாய் ஆகிறது. அதில் பத்தில் ஒரு பங்கு 5,400 ரூபாய். இது முழுவதும் அந்த ஒரே வகுப்பின் சன்மானத்திலிருந்து பிடிக்கப்படுவதால், ஆகஸ்ட் 30 அன்று அவர் கைக்கு வருவது 600 ரூபாய்தான்! பத்தாம் வகுப்புக்கு 600 ரூபாய் பிடித்து 5,400 ரூபாய் கொடுப்பார்கள். ஆக, அவர் பெற்றது 54,000, பிடித்தம் 6,000. தொடக்கத்திலேயே பத்து வகுப்புகள் என்று பேசியிருந்தால், வரம்பு தாண்டும் என்பது முன்னரே தெரிவதால், வகுப்புதோறும் 600 ரூபாய் பிடித்திருப்பார்கள். முடிவில் இரண்டும் ஒன்றே.

பிடித்த அந்த 6,000 ரூபாய் இழந்த பணமன்று. அவர் பெயரில் முன்கூட்டிக் கட்டப்பெற்ற வரி. ஆண்டு முடிவில் வருமான விவரம் தாக்கல் செய்யும்போது முழுச் சன்மானமாகிய 60,000 ரூபாயையும் வருமானமாகக் காட்டி, 6,000 ரூபாயைக் கட்டிய வரியாகக் கழித்துக்கொள்ள வேண்டும். அவருடைய மொத்த வரி அதைவிடக் குறைவானால் மிகுதி திரும்ப வரும். கூடுதலானால் மீதியைக் கட்டவேண்டும். சம்பளக்காரர் பலர் பத்து வீதத்துக்கு மேற்பட்ட விகிதத்தில் வரி செலுத்துவோராதலின், பிடித்ததோடு கடமை தீர்ந்தது என்று கருதலாகாது. அதேபோல், 48,000 ரூபாயோடு நின்றிருந்தால் பிடித்தம் இருந்திராது. ஆயினும் அத்தொகையும் கணக்கிற் காட்ட வேண்டிய வருமானமே.

பிடித்த வரி நம் கணக்கில் சேர்ந்ததா என்பதை எவ்வாறு அறிவது? ஆகஸ்டில் பிடித்ததைச் செப்டம்பர் 7க்குள் கட்டி, அந்தக் காலாண்டின் விவரத்தை அக்டோபர் 31க்குள் நிறுவனம் தாக்கல் செய்ய வேண்டும். அடுத்த பதினைந்து நாட்களுக்குள் 16-ஏ என்னும் சான்றிதழைத் தரவேண்டும். வருமான வரித் துறையின் இணையதளத்தில் 26-ஏ.எஸ். படிவத்திலும் அத்தொகை தோன்றும். நவம்பர் இறுதியிலும் அது காணப்படாவிடில் நிறுவனத்தின் கணக்குப் பிரிவை அணுகுக. நிரந்தரக் கணக்கு எண்ணாகிய பான் எண்ணில் ஓரெழுத்துப் பிழைபட்டாலும் பணம் நம் பெயரில் சேராது. அவ்வெண்ணைக் கொடுக்கவே தவறினால் பத்துக்குப் பதிலாக இருபது வீதம் பிடிப்பார்கள்.

வரியைப் பிடித்துக்கொண்டு நிறுவனம் கட்டாமல் விட்டால், அதே வரியை நம்மிடம் மீண்டும் கேட்கச் சட்டம் இடந்தரவில்லை. ஆனால் பிடித்தார்கள் என்பதை நாமே மெய்ப்பிக்க வேண்டியிருக்கும். ஆதலின் சன்மானம் குறித்த அழைப்புக் கடிதம், மொத்தத் தொகையும் பிடித்தமும் தனித்தனியே கண்ட பட்டுவாடாச் சீட்டு, வங்கிக் கணக்கின் பதிவு ஆகிய மூன்றையும் ஒருங்கே வைத்திருப்பது நலம்.