போனுக்கும் ஒரு ஃபேன் வேணுமா?

கென்ஷின் இம்பாக்ட் விளையாட்டை 60 ஃபிரேமில், கிராபிக்ஸை உச்சத்தில் வைத்துத் தொடங்கினால், விலை உயர்ந்த போன்களில் முதல் ஐந்து நிமிடம் வழுக்கிக்கொண்டு போகும். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் போனின் முதுகு, குறிப்பாக கேமராவை ஒட்டிய பகுதி, கொதிக்கும். திரை தானாக மங்கும். சண்டைக் காட்சிகளில் படம் திக்கித் திக்கி நகரும். போன் பழுதாகவில்லை, சூடு எல்லை தாண்டியதால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டிருக்கிறது. போனின் முதுகில் கவ்விக்கொள்ளும் குட்டி கூலிங் ஃபேன்கள் இதற்கு மருந்து என்றுதான் விற்கப்படுகின்றன. மருந்து வேலை செய்யுமா?

செய்யும். ஆனால் எல்லா நோய்க்கும் அல்ல.

விஷயம் சின்னக் கணக்கு ஒன்றில் இருக்கிறது. முன்பக்கமும் பின்பக்கமும் சேர்த்து ஒரு போனின் பரப்பு சுமார் 240 சதுர சென்டிமீட்டர். அசையாத காற்றில், போனின் மேல்தோல் அறையைவிட எத்தனை டிகிரி சூடாக இருக்கிறதோ, அந்த ஒவ்வொரு டிகிரிக்கும் தோராயமாகக் கால் வாட் வெப்பம் வெளியேறும். கை சுடாமல் இருக்க, மேல்தோல் 43 டிகிரியைத் தாண்ட விடாமல் போன் பார்த்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். அறை 28 டிகிரியில் இருந்தால் வித்தியாசம் 15. வெளியே போவது மூன்றரை வாட் சொச்சம். அதே போனைச் சென்னையின் மே மாத மதியத்தில், 36 டிகிரி அறையில் வைத்து விளையாடினால் வித்தியாசம் வெறும் 7. வெளியேறுவது இரண்டு வாட்டுக்கும் குறைவு. உயர்ரக சிப் ஒன்று முழு வேகத்தில் ஓடும்போது எட்டு, பத்து வாட் வரை இழுக்கும். வரவுக்கும் செலவுக்கும் இவ்வளவு இடைவெளி இருந்தால் போன் என்ன செய்யும்? வரவைக் குறைக்கும், அதாவது சிப்பின் வேகத்தை வெட்டும்.

ஃபேன் இந்தக் கணக்கில் ஓர் எண்ணை மட்டும் மாற்றுகிறது: டிகிரிக்கு எத்தனை வாட் வெளியே போகிறது என்பதை. காற்று அசைந்தால் அது கூடும். தலைக்கு மேலே சுழலும் சீலிங் ஃபேனும் ஓரளவு இதே வேலையைச் செய்கிறது என்பதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். வெறும் காற்றாடி மட்டும் உள்ள மலிவு விலை கூலர்கள் இந்த வகை. அறைக் காற்றைத்தான் அவை வீசுகின்றன. அறையே 36 டிகிரி என்றால் அதற்குக் கீழே எதையும் கொண்டுபோக அவற்றால் முடியாது.

இன்னொரு வகை பெல்டியர் கூலர். 1834-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் பெல்டியர் கண்டறிந்த விளைவு இது: இரு வேறு பொருள்களின் இணைப்பில் மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சூடாகும். குளிரும் தகடு போனின் மேல் உட்காரும். சூடாகும் பக்கத்தைக் காற்றாடி ஆற்றும். இதனால் முதுகை அறை வெப்பத்துக்கும் கீழே இறக்க முடிகிறது. 2018-இல் வந்த முதல் ஆசுஸ் ராக் போனுக்கே கவ்வும் ஃபேன் துணைக்கருவியாக வந்தது. 2022-இல் ராக் போன் 6-க்கான கூலரில் பெல்டியரும் சேர்ந்துகொண்டது. நீண்ட நேர விளையாட்டில் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் வேண்டும் என்றால் இந்த வகைதான்.

அதுவும் தகடு சரியான இடத்தில் உட்கார்ந்தால்தான். சிப் பெரும்பாலும் போனின் மேல்பாதியில், கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும். பலர் பிடிக்க வசதி என்று நட்ட நடுவில் மாட்டுகிறார்கள். அங்கே இருப்பது பேட்டரி. விளையாடி முடித்ததும் விரலால் தடவிப் பார்த்தால் எந்த இடம் அதிகம் சுடுகிறது என்று தெரிந்துவிடும், தகடு அங்கே போக வேண்டும். பேக் கவரைக் கழற்றாமல் மேலே மாட்டினால் கொடுத்த காசு வீண். ரப்பரும் பிளாஸ்டிக்கும் வெப்பத்தைக் கடத்துவதில் படுமோசம்.

இனி, ஃபேனால் ஆகாத இடங்கள். நடுத்தர விலை போனில் பி.ஜி.எம்.ஐ. 60 ஃபிரேமில் கடைசிவரை நிற்கிறது என்றால், அங்கே மிச்சம் பிடிக்க எதுவும் இல்லை; ஃபேன் போட்டாலும் 60-தான் வரும். சில சமயம் கட்டுப்பாடே சூட்டைப் பார்த்து வருவதில்லை. 2022 மார்ச்சில் சாம்சங் போன்களில் இருந்த ஜி.ஓ.எஸ். என்ற மென்பொருள், செயலியின் பெயரைப் பார்த்து வேகத்தை வெட்டியது அம்பலமானது. கீக்பெஞ்ச் நிறுவனம் எஸ்10 முதல் எஸ்22 வரையிலான வரிசைகளைத் தன் பட்டியலிலிருந்தே நீக்கியது. பிறகு சாம்சங் அப்டேட் கொடுத்தது. அதுவரை அந்த வெட்டை எந்தக் கூலரும் சரிசெய்திருக்க முடியாது.

நெட் கோளாறைச் சூடு என்று நினைத்து ஃபேன் வாங்குகிறவர்களும் உண்டு. பிரித்தறிவது சுலபம். பிங் எண் எகிறி, எதிராளி ஓரிடத்தில் மறைந்து இன்னோரிடத்தில் முளைத்தால் அது நெட். முதல் நிமிடத்திலேயே வரலாம். சூடு அப்படி வராது. பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து, கையில் சுட்ட பிறகு, பிங் நன்றாக இருக்கும்போதே படம் கனத்து நகர்ந்தால் அது சூடு.

சோதித்துப் பார்க்க 3டிமார்க் செயலியின் Wild Life Extreme Stress Test போதும். ஒரே காட்சியை ஒவ்வொரு நிமிடமாக 20 முறை ஓட்டும். உதாரணத்துக்கு, சிறந்த சுற்றில் 3000 மதிப்பெண், மோசமான சுற்றில் 1950 என்றால் நிலைத்தன்மை 65 சதவீதம். போன் முழுக்க ஆறிய பிறகு, அதே அறையில், அதே வெளிச்ச அளவில், சார்ஜரில் போடாமல், கூலரோடு மறுபடி ஓட்ட வேண்டும். இப்போது மோசமான சுற்று 2600 வந்தால் கூலர் வேலை செய்கிறது. 2000 வந்தால், திருப்பிக் கொடுத்துவிடலாம். சதவீதத்தைவிட அந்தக் கடைசி மதிப்பெண்ணைப் பார்ப்பதே நல்லது. மெதுவான போன் 98 சதவீதம் வாங்கும். ஆனாலும் வேகமான போனின் மோசமான சுற்றைக்கூட அது எட்டாமல் போகலாம்.

கடலோர ஊர்களில் பெல்டியருக்கு ஒரு தனித் தொல்லை. வெப்பம் 32 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்று இருக்கும் அறையில், 27 டிகிரிக்குக் கீழே குளிரும் எதன் மீதும் தண்ணீர் பூக்கும். கூலர் தகடு அதைச் சில நிமிடங்களில் தாண்டிவிடும். வெளியே தெரியும் துளிகளைத் துடைத்துவிடலாம். முதுகுக் கண்ணாடிக்கு உட்புறம் ஈரம் கோத்தால் துடைக்க வழியில்லை. அதனால் விளையாட்டு தொடங்குமுன்பே போட்டுக் குளிர வைப்பது தவறு. போன் சூடேறத் தொடங்கிய பிறகு போட்டு, விளையாட்டை நிறுத்தியதும் அணைத்துக் கழற்றிவிட வேண்டும். அணைத்த கூலரை மாட்டியே வைத்திருந்தால் அது வெப்பத்தை மூடிவைக்கும் போர்வை.

கூலருக்கு மின்சாரம் பவர் பேங்க்கிலிருந்து போகட்டும். போனிலிருந்தே எடுத்தால் பேட்டரி கரைவதோடு அதுவும் சூடாகும். சார்ஜ் போட்டபடி விளையாடினாலும் அதே சிக்கல்தான், பேட்டரியே இரண்டாவது அடுப்பாகிவிடும். சில கேமிங் போன்களிலும், Pause USB Power Delivery என்ற பெயரில் பல சாம்சங் போன்களிலும், மின்சாரத்தைப் பேட்டரிக்கு அனுப்பாமல் நேரே போனுக்குக் கொடுக்கும் வசதி இருக்கிறது. கூலருக்குக் காசு எடுத்து வைக்கும் முன் அந்த ஒரு பட்டனைத் தேடிப் பார்க்கலாம்.