பரிசுப் பேனாவின் விலை எங்கே போகிறது?

மைப்பேனாவின் நிப்பில் தாளைத் தொடுவது நுனியில் ஒட்டியிருக்கும் கடுகைவிடச் சிறிய ஓர் உலோகப் பொட்டுதான். தங்க நிப்பானாலும் எஃகு நிப்பானாலும் அந்தப் பொட்டு தங்கமும் இல்லை, எஃகும் இல்லை. ருத்தேனியம், ஆஸ்மியம், இரிடியம், டங்ஸ்டன் போன்றவை கலந்த, எளிதில் தேயாத கலவை அது. அதை எவ்வளவு செம்மையாகத் தேய்த்து மெருகேற்றியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே எழுத்து வழுக்கிக்கொண்டு போவதும் தாளைக் கீறுவதும் அமைகிறது. வழக்கறிஞருக்கோ தணிக்கையாளருக்கோ பேனா பரிசளிக்க நினைப்பவர்கள் பேனாவின் பளபளப்பைவிட இதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

அப்படியானால் நிப்பைத் தங்கத்தில் செய்தது ஏன்? பழைய கருநீல மைகளில் இரும்பு உப்பும் அமிலமும் இருந்தன; அன்றைய எஃகு அதில் அரித்துப்போனது, தங்கம் அரிக்கவில்லை. இன்றைய துருப்பிடிக்காத எஃகுக்கு அந்தக் கவலை பெரிதாக இல்லை. 14 காரட் நிப்பில் 58.5 சதவீதம் தங்கம் இருக்கிறது. அதன்மேல் 585 என்று பொறித்திருப்பார்கள். தங்க நிப் சற்றே மென்மையாக வளைந்துகொடுக்கக்கூடும். ஆனால் அது நிப்பின் வடிவையும் கனத்தையும் பொறுத்தது. விறைப்பான தங்க நிப்புகளும் உண்டு.

சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் பைலட் மெட்ரோபாலிட்டன், லாமி சஃபாரி போன்ற பேனாக்களின் எஃகு நிப்புகள் பல ஆண்டு அன்றாட எழுத்துக்குப் போதுமானவை. அதற்கும் கீழே மலிவான பேனாக்களில் நல்லவையும் கிடைக்கும். ஒன்றுபோல் மற்றொன்று இருக்கும் என்ற உறுதிதான் குறைவு. 10,000 ரூபாயைத் தாண்டினால் தங்க நிப்பும், கூடுதல் மை கொள்ளும் அமைப்பும் வரத் தொடங்குகின்றன. அதற்கும் மேலே போகும் பணம் பெரும்பாலும் பேனாவின் உடலுக்கும் கைவேலைக்கும் பெயருக்கும் போகிறது. ஜெர்மனியின் யோவோ, போக் நிறுவனங்களின் நிப்புகளைப் பல நிறுவனங்கள் தங்கள் பேனாக்களில் பொருத்துகின்றன. திருவள்ளூரில் எபோனைட்டைக் கடைந்து கையால் செய்யும் ரங்கா பேனாக்களிலும் இத்தகைய நிப்புகளைக் கேட்டு வாங்கலாம். அந்த வகையில் கைவேலைக்குக் கொடுக்கும் பணம் கண்ணெதிரே தெரிகிறது.

ஒரு வழக்கறிஞருக்கு 4,000 ரூபாயில் பரிசு வாங்குவதாக வைத்துக்கொள்ளலாம். மனுக்களிலும் வக்காலத்திலும் அவர் கையெழுத்திடும் தாள் சாதாரண நகல் தாளாகவே இருக்கும். அத்தகைய தாள் மையை உறிஞ்சி, கோட்டின் ஓரங்களில் நார்நாராகப் பரவவிடும்; பட்டையான நிப் என்றால் பின்பக்கமும் ஊறிவிடும். ஆகவே அவருக்கு எஃப் எனக் குறிக்கப்பட்ட மெல்லிய நிப்பே பொருந்தும். ஜப்பானிய எஃப் பெரும்பாலும் ஜெர்மானிய இ.எஃப் அளவுக்கு மெல்லியது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். எம், பி நிப்புகள் நல்ல தாளில் நிதானமாகக் கடிதம் எழுதுபவருக்கானவை.

மையிலும் இதே எச்சரிக்கை தேவை. சாதாரண நீல மை சாய மை. ஒரு துளி தண்ணீர் பட்டாலே கலையும். கையெழுத்து நிற்க வேண்டிய ஆவணத்துக்கு நிறமி மையோ, இரும்பு உப்பு கலந்த கருநீல மையோ வேண்டும். இரண்டும் தண்ணீருக்குத் தாங்கும். ஆனால் பேனாவைப் பல வாரம் மூடியே வைத்தால் உள்ளே காய்ந்து அடைத்துக்கொள்ளும். அடிக்கடி எழுதி, மாதம் ஒருமுறையாவது தண்ணீரில் கழுவுபவருக்கே அவற்றைக் கொடுக்கலாம். ஓவியர்களுக்கான இந்தியன் இங்க்கில் அரக்கு இருப்பதால் அதை மைப்பேனாவில் ஊற்றவே கூடாது. பேனாவுக்கு 2,500 ரூபாய் செலவானால், மிச்சப் பணத்தில் மைப்புட்டியும், மை உறிஞ்சும் கன்வெர்ட்டரும், ஊறாத தாளில் ஒரு குறிப்பேடும் சேர்த்துவிடலாம். சில பேனாக்களுக்குக் கன்வெர்ட்டரைத் தனியே வாங்க வேண்டும். நிறுவனத்துக்கு நிறுவனம் அளவு மாறுவதால் அதே கடையிலேயே பொருத்திப் பார்ப்பது நல்லது.

கடையில் நிப்பை மையில் தோய்த்து, சற்றும் அழுத்தாமல் எட்டு எண்ணைத் தொடர்ந்து எழுதிப் பார்க்க வேண்டும். ஒரு திசையில் மட்டும் கீறினால் நிப்பின் இரு பாதிகளும் சமமாக இல்லை; உருப்பெருக்கியில் ஒன்று உயர்ந்து நிற்பது தெரியும். வழுவழுப்பாக இருந்தும் ஒவ்வொரு சொல்லின் முதல் கோடு மட்டும் விழாமல் போனால், நுனியை அளவுக்கு மீறி மெருகேற்றிவிட்டார்கள். பிளவின் ஓரங்கள் உருண்டுபோய் மை தாளைத் தொடுவதில்லை. இரண்டிலும் வேறு பேனா கேட்பதே சரி. பரிசு பெறுபவரின் பெயரைப் பேனாவில் பொறிக்கச் சொல்வது, இந்தச் சோதனைகள் முடிந்த பிறகுதான். பெயர் பொறித்த பேனாவைக் கடைக்காரர்கள் பொதுவாகத் திரும்ப வாங்க மாட்டார்கள்.