கணவன், மனைவி சேர்ந்து மரச்செக்கு... கையெழுத்து யாருடையது, கல்லா யாரிடம்?

தொடங்கும் முன்பே எழுதி வைக்கவேண்டிய கணக்கு

நிலக்கடலை விளையும் ஊர்களில் மரச்செக்கு வைக்கும் யோசனை பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. மெஷின் என்ன விலை, மானியம் எவ்வளவு என்றுதான் எல்லோரும் முதலில் விசாரிக்கிறார்கள். ஆனால், தொழில் ஓட ஆரம்பித்த பிறகு வீட்டில் சண்டை வருவது வேறு கேள்விகளால். கடன் யார் பெயரில்? அடகு வைத்த நகையை யார் மீட்பது? கடலை மூட்டையை வாங்கிப் போட்டது யார் முடிவு? இவற்றுக்கு முதல் நாளே பதில் எழுதி வைத்துக்கொண்டால், நஷ்டம் வந்தாலும் குடும்பம் தாங்கும்.

புரிவதற்காக ஒரு மாதிரிக் குடும்பத்தை வைத்துக் கணக்குப் போடுவோம். செய்யாறு பக்கம் மூன்று ஏக்கர், பட்டா கணவர் பெயரில். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் இருக்கிறது. மனைவி பத்தாவது படித்தவர், மகளிர் குழுவில் கணக்கு எழுதிப் பழகியவர். இவர்கள் ஒரு மரச்செக்கு போட நினைக்கிறார்கள். மோட்டாருடன் மெஷின் 3,20,000 ரூபாய், ஷெட்டும் மின் இணைப்பும் 1,00,000 ரூபாய், கடலை, பாட்டில் வாங்கக் கைமுதல் 1,00,000 ரூபாய். ஆக, 5,20,000 ரூபாய். இதில் வங்கிக் கடன் 3,60,000 ரூபாய், சேமிப்பு 1,00,000 ரூபாய், மனைவியின் நகையை அடகு வைத்து 60,000 ரூபாய். விலைகள் ஊருக்கு ஊர் மாறும். உங்கள் ஊர் விலையைப் போட்டு இதே கணக்கைச் செய்து பாருங்கள்.

கையெழுத்து போட்டால் பாதிப் பொறுப்பு இல்லை, முழுப் பொறுப்பு

தனிநபர் நிறுவனமாகத் தொடங்கினால், தொழிலும் அந்த நபரும் சட்டத்தின் கண்ணில் ஒன்றுதான். தொழிலில் கடன் நின்றால், அவருடைய சொந்தச் சொத்தும் பதில் சொல்ல வேண்டும். இருவரும் கூட்டாளிகளாகச் சேர்ந்தால், 1932-ம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டப்படி இருவரும் சேர்ந்தும் பொறுப்பு, தனித்தனியாகவும் பொறுப்பு. 'லாபத்தில் பாதி எனக்கு என்பதால், கடனிலும் பாதிதான்' என்பது செல்லாது. கடன் கொடுத்தவர் முழுத் தொகையையும் ஒருவரிடமே கேட்கலாம்.

பலர் சறுக்கும் இடம் ஜாமீன் கையெழுத்து. மனைவி பெயரில் கடன் வாங்கி, கணவர் ஜாமீன் போட்டால், 'அவள் கட்டாவிட்டால்தானே என்னைக் கேட்பார்கள்' என்று நினைத்துக்கொள்கிறார்கள். இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, பத்திரத்தில் வேறு மாதிரி எழுதப்படாத வரை, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ, அவ்வளவு பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு. அந்தக் கையெழுத்து விழுந்த நிமிடமே, இருவருடைய சொத்தும் ஒரே தட்டில் வந்துவிடுகிறது.

அதனால், நம் மாதிரிக் குடும்பத்துக்குப் பொருத்தமான வழி இதுதான். செக்கில் முழு நேரமும் நிற்கப்போவது மனைவி. தொழில், கடன், வங்கிக் கணக்கு எல்லாம் அவர் பெயரில் இருக்கட்டும். உத்யம் பதிவு (இதற்குக் கட்டணம் கிடையாது), உணவுப் பாதுகாப்புப் பதிவு, மின் இணைப்பு மூன்றும் அதே பெயரில் இருப்பது நல்லது. பெயர் மாறி மாறி இருந்தால் கடனிலும் மானியத்திலும் சிக்கல் வரும். முத்ரா திட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை சொத்து அடமானம் இல்லாமல் கடன் தர இடமிருக்கிறது. எனவே, நிலப் பத்திரத்தைக் கொடுப்பதற்கு முன்பு, 'அடமானம் இல்லாத திட்டத்தில் கொடுக்க முடியுமா, கணவர் கையெழுத்து கட்டாயமா?' என்று வங்கி மேலாளரிடம் நேரடியாகக் கேட்க வேண்டும். கணவர் கையெழுத்து போடாமல் முடிந்தால், நிலம் தொழிலுக்கு வெளியே நிற்கும். போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், நிலமும் பணயத்தில் இருக்கிறது என்று தெரிந்தே போட வேண்டும்.

பயிர்க்கடனைச் செக்குக்குத் திருப்பவே கூடாது. கிசான் கடன் அட்டையில் 3 லட்சம் ரூபாய் வரை 7 சதவிகித வட்டி, கெடுவுக்குள் கட்டினால் 3 சதவிகிதம் குறைந்து 4 சதவிகிதம். அந்தப் பணம் கடலை மூட்டையாகக் குடோனில் கிடந்து கெடு தாண்டினால், சலுகையும் போகும், அடுத்த போகத்துக்கான கடனும் தடுமாறும்.

நகை... கொடுத்தது கடனா, முதலீடா?

சேமிப்பும் நகையும் 'நம்ம பணம்தானே' என்று உள்ளே போய்விடும். பிறகு, வெளியே வராது. சீதனமாக வந்த நகை மனைவியின் தனிச் சொத்து. அதை அடகு வைத்து வரும் 60,000 ரூபாயை, மனைவி தொழிலுக்குக் கொடுத்த கடன் என்று நோட்டில் எழுத வேண்டும். அடகு வட்டியைத் தொழில் கட்ட வேண்டும். எந்த மாதத்துக்குள் மீட்பது என்று தேதி போட வேண்டும். தொழிலை மூடும் நிலை வந்தால், வங்கிக்கு அடுத்தபடியாக மீட்கவேண்டியது அந்த நகை. சேமிப்பு 1,00,000 ரூபாயை இருவரின் முதலீடு என்று எழுதலாம். லாபம் வந்தால் வரும், போனால் போகும் என்ற பணம் அது மட்டும்தான்.

மானியத்தைக் கைமுதலில் சேர்க்கக் கூடாது. குறு உணவுப் பதப்படுத்தும் தொழில்களுக்கான பிரதமரின் திட்டத்தில் 35 சதவிகித மானியம் என்றால், பலரும் அது கையில் வரும் என்று நினைக்கிறார்கள். அது வங்கியில் தனிக் கணக்கில் நிற்கும். மூன்று வருடங்கள் தவணை ஒழுங்காகக் கட்டி, தொழிலும் ஓடினால்தான் கடனில் கழிப்பார்கள். ஆகவே, முதல் நாள் செலவுக்கு மானியம் உதவாது. விண்ணப்பிக்கும்போது திட்டம் நடப்பில் இருக்கிறதா என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மாதக் கணக்கு: நல்ல மாதமும் டல் மாதமும்

கூலிக்கு ஆட்டுவது ஒரு நாளைக்கு 50 கிலோ, மாதம் 25 நாள், கிலோவுக்கு 20 ரூபாய் என்று வைத்தால் 25,000 ரூபாய். சொந்தமாக 120 லிட்டர் கடலை எண்ணெய் விற்கிறார்கள். ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய இரண்டரை கிலோ பருப்பு என்றால் 300 கிலோ. கிலோ 120 ரூபாய் வீதம் 36,000 ரூபாய். எண்ணெய் லிட்டர் 320 ரூபாய் வீதம் 38,400 ரூபாய், புண்ணாக்கு 165 கிலோ, 40 ரூபாய் வீதம் 6,600 ரூபாய். பாட்டில், வண்டிச் செலவு 1,500 ரூபாய் போக மிச்சம் 7,500 ரூபாய். ஆக மொத்தம் 32,500 ரூபாய். மின்சாரம், பழுது, சில்லறைச் செலவு 6,500 ரூபாய் போனால் 26,000 ரூபாய்.

3,60,000 ரூபாய்க்கு 10.5 சதவிகித வட்டியில் ஐந்து வருடத் தவணை மாதம் சுமார் 7,740 ரூபாய். மீதி 18,260 ரூபாய். இதில் முழு நேரம் நிற்கும் மனைவிக்குச் சம்பளம் 10,000 ரூபாய், காலையும் மாலையும் மூட்டை தூக்கி, டெலிவரி கொடுக்கும் கணவருக்கு 4,000 ரூபாய். மிச்சமுள்ள 4,260 ரூபாயில் அடகு வட்டி போக, மீதி தனிச் சேமிப்பு.

மழைக்காலத்தில் கூலி ஆட்டுவது பாதியாகக் குறைந்தால் என்ன ஆகும்? 12,500 ரூபாய் குறையும், மின்சாரத்தில் 1,500 ரூபாய் மிச்சமாகும். 26,000 என்பது 15,000 ஆகிவிடும். தவணை போக 7,260 ரூபாய்தான். இரண்டு சம்பளமும் சேர்ந்து 14,000 ரூபாயைக் கொடுக்க முடியாது. இங்கேதான் கல்லாவில் கைவைப்பதும், கடலைக்காரருக்குப் பாக்கி சொல்வதும் ஆரம்பிக்கிறது. அதனால் வரிசையை முன்பே எழுத வேண்டும். முதலில் தவணையும் அடகு வட்டியும், அடுத்து மின்சாரம், பழுது, கடலைக்காரர் பாக்கி, கடைசியில் சம்பளம். சம்பளம் குறைந்தால் இருவருக்கும் ஒரே விகிதத்தில் குறைய வேண்டும். நல்ல மாதங்களின் மிச்சத்தில் மூன்று தவணைப் பணம், அதாவது சுமார் 23,000 ரூபாய் சேரும் வரை, புது மெஷின், புது விளம்பரம் எதுவும் வேண்டாம்.

கல்லா ஒருவரிடம், நோட்டு இன்னொருவரிடம்

மனைவி செக்கில் நின்று பணம் வாங்குகிறார் என்றால், வாரம் ஒருமுறை பணத்தையும் நோட்டையும் சரிபார்ப்பது கணவர். கணவர் கடலை வாங்கிவந்தால், எடை போட்டு எழுதுவது மனைவி. இது சந்தேகத்துக்காக அல்ல. எங்கே பணம் கசிகிறது என்று தெரிவதற்காக. 15 கிலோ பருப்பு போட்டால் ஆறு லிட்டர் அளவில் எண்ணெய் வர வேண்டும். ஐந்துதான் வருகிறது என்றால் பருப்பு தரமில்லை, அல்லது ஈரம் சரியில்லை, அல்லது உலக்கை தேய்ந்திருக்கிறது. புண்ணாக்கைக் கையில் எடுத்தால் எண்ணெய் ஒட்டும். ஒவ்வொரு ஆட்டுக்கும் எடை எழுதினால்தான் இது தெரியும்.

5,000 ரூபாய் வரை யார் வேண்டுமானாலும் செலவு செய்யலாம், அதற்கு மேல் இருவரும் பேச வேண்டும் என்று வரம்பு வைக்கலாம். ஆனால், கடலை இருப்பு வாங்குவதில் மட்டும் தொகை எவ்வளவாக இருந்தாலும் இருவரின் சம்மதமும் தேவை. செக்குத் தொழிலின் பெரிய ஆபத்து அதில்தான் இருக்கிறது. 'அறுவடையில விலை குறைவு, பத்து மூட்டை கூடுதலா போட்டு வைப்போம்ங்க' என்ற ஒரு பேச்சில் கைமுதல் முழுக்க முடங்கிவிடும். சரியாகக் காயாத பருப்பில் பச்சை நிறப் பூஞ்சணம் பிடித்தால், அதில் வரும் அஃப்ளாடாக்சின் நச்சு. ஆட்டி விற்கக் கூடாது, மாட்டுக்கும் போடக் கூடாது. முதல் வருடம் ஒரு மாதத் தேவைக்கு மேல் இருப்பு வைக்காமல், கூலிக்கு ஆட்டுவதையே முதுகெலும்பாக வைத்துக்கொள்வது பாதுகாப்பு. கூலியில் பருப்பு மக்களுடையது, விலை ஏற்ற இறக்கமும் அவர்களுடையது.

நிறுத்தும் கோடு

எந்த இடத்தில் நிறுத்துவது என்பதைத் தலை குளிர்ந்திருக்கும்போதே எழுத வேண்டும். 90 நாள்களுக்கு மேல் தவணை நின்றால், வங்கி அதை வாராக்கடன் என்று வகைப்படுத்தும். ஆகவே, கோடு அதற்கு முன்பே இருக்க வேண்டும். ஒரு தவணையைச் சேமிப்பிலிருந்து கட்ட நேர்ந்தால், சொந்த எண்ணெய் விற்பனையைக் குறைத்து, கூலிக்கு மட்டும் ஆட்டுவது. தொடர்ந்து இரண்டாவது தவணையும் அப்படியானால், வங்கிக்குப் போய் பேசுவது. மூன்றாவதும் ஆனால், வங்கியின் சம்மதத்தோடு மெஷினை விற்பது. மெஷின் வங்கியின் பிடியில் இருப்பதால், சொல்லாமல் விற்கக் கூடாது.

இருவரில் ஒருவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் கடன் மற்றவர் தலையில் விழாமல் இருக்க, கடன் தொகைக்கு ஈடான டேர்ம் இன்ஷூரன்ஸ் கடன் வாங்குபவர் பெயரில் எடுக்கலாம். கணவர் தன் உயிருக்கு எடுக்கும் பாலிசியை, 1874-ம் ஆண்டு திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் மனைவி, பிள்ளைகளின் நன்மைக்கு என்று எடுத்தால், அந்தப் பணத்தை அவருடைய கடன்காரர்கள் எடுக்க முடியாது. பாலிசி எடுக்கும்போதே அப்படி எழுதிக் கேட்க வேண்டும்.

நோட்டின் முதல் பக்கத்தில் எழதவேண்டியவை

1. தொழில் யார் பெயரில், கடன் பத்திரத்தில் யார் யார் கையெழுத்து.
2. யார் எவ்வளவு போட்டார்கள், அதில் எது கடன், எது முதலீடு, நகை மீட்கும் மாதம்.
3. இருவரின் வேலை, சம்பளம், பணம் கொடுக்கும் வரிசை.
4. தனியாகச் செலவு செய்யும் வரம்பு, கடலை வாங்கும் விதி.
5. தொடக்கூடாத சொத்து: நிலம், பயிர்க்கடன், மீதி நகை.
6. நிறுத்தும் கோடு.

கீழே தேதி போட்டு இருவரும் கையெழுத்திடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, கணக்கு நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கத்தை மறுபடி படித்துத் திருத்துங்கள். வங்கியில் கையெழுத்து போடும் நாளுக்கு முன்பே இந்தப் பக்கம் எழுதி முடிந்திருக்க வேண்டும்.