கடையும் கைத்தொலைபேசியும்

எமதூர் வர்த்தகர்கள் சிலர் ஒன்றுகூடி அண்மையில் ஒரு பயிற்சிப் பட்டறை நடத்தினார்கள். அதிலே சமூக வலைத்தளங்கள் பற்றி அரை மணி நேரம் பேசும்படி எம்மையும் அழைத்திருந்தார்கள். பேசுதல் எமக்குப் புதிதன்று. ஆயினும் எதிரே அமர்ந்திருந்தோர் மாணவரல்லர். பலசரக்குக் கடைக்காரர், புடைவைக் கடைக்காரர், மிளகாய்த்தூள் அரைத்து விற்போர் எனப் பலரும் தத்தம் கடையைப் பிறரிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருந்தனர். பயனில்லாத பேச்சு அவர்களுக்கு நட்டக் கணக்காகவே முடியும். எனவே, பலவற்றையும் தொட்டுச் செல்லாது ஒன்றை மட்டும் விரித்துக் கூறுவதென முடிவு செய்தோம்.

முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், “மாஸ்டர், முகநூல் எண்டும் டிக்டொக் எண்டும் பிள்ளையள் ஆளுக்கொண்டு சொல்லுதுகள். முதலிலை எதைத் தொடவேணும்?” என்று கேட்டார்.

நாம் மறுமொழி கூறாது, சபையை நோக்கி ஒரு கேள்வி கேட்டோம்: “வாடிக்கையாளர் எவரேனும் சாமான் சிட்டையை வட்ஸ்அப்பில் உங்களுக்கு அனுப்பியதுண்டா?” ஏறக்குறைய எல்லோரும் கையுயர்த்தினர். விடை அதிலேயே இருந்தது. முகநூல் பெரும்பாலும் கடையை அறியாதவருக்குக் கடையைக் காட்டுவது. வட்ஸ்அப் கடையை அறிந்தவர் மீண்டும் வாங்குவதற்கு வழி செய்வது. ஊர்க்கடை ஒன்று வாழ்வது பின்னவரால் அல்லவா? ஆகவே தொடக்கம் அங்கேதான்.

2018ஆம் ஆண்டிலே சிறு வணிகருக்கெனத் தனியாக “WhatsApp Business” என்னும் செயலி வெளிவந்தது. அதனைப் பெறுவதற்குக் கட்டணமில்லை. ஆனால் எந்த இலக்கத்தில் அதனைத் திறப்பது என்பதே முதற் கேள்வி. ஒரே இலக்கத்தைச் சாதாரண வட்ஸ்அப்பிலும் இதிலும் ஒரே வேளையில் வைத்திருத்தல் இயலாது. அதனினும் முக்கியமான காரணமொன்று உண்டு. எமக்குத் தெரிந்த ஒரு கடையில் மகனே தன் இலக்கத்தில் எல்லாவற்றையும் அமைத்துக் கொடுத்தான். இரண்டு ஆண்டுகளில் அவன் கனடா சென்றான். அவனோடு வாடிக்கையாளர் இலக்கங்களும் சென்றன. தந்தையார் மீண்டும் முதற்படியிலிருந்து ஏற வேண்டியதாயிற்று. எனவே கடைக்கெனத் தனியே ஒரு சிம் அட்டை வாங்குக. அது கடை உரிமையாளரின் பெயரிலேயே இருக்கட்டும்.

அடுத்தது கடையின் விபரம். பெயர்ப்பலகையில் உள்ளவாறே பெயரை எழுதுக. முகவரி, திறக்கும் நேரம், பூட்டும் நேரம், விடுமுறை நாள் ஆகியவற்றைக் குறிப்பிடுக. பின்னர் பொருட்பட்டியலில் படங்களைச் சேர்க்கலாம். கடையிலுள்ள அனைத்தையும் முதல் நாளே ஏற்றுதல் வேண்டியதில்லை. அதிகம் விற்கும் பத்துப் பொருட்கள் போதும். மின்விளக்கின் கீழ் எடுத்த படத்தில் மிளகாய்த்தூள் மங்கிய நிறமாகத் தோன்றும். காலை வெளிச்சத்தில் வாசலருகே வைத்து எடுத்தல் நன்று. படத்தின் கீழ் நிறையும் விலையும் தவறாது இருத்தல் வேண்டும். “விலைக்குத் தொடர்பு கொள்க” என்று எழுதினால், கேட்கக் கூசுவோர் பேசாமல் அடுத்த கடைக்குச் செல்வர். விலை மாறிய அன்றே பட்டியலிலும் மாற்றுதல் வேண்டும். பழைய விலையைக் காட்டிப் புதிய விலை கேட்டால் வாய்த்தர்க்கமே மிஞ்சும்.

இவ்விடத்தில், தூள் விற்கும் அன்பர் ஒருவர் எழுந்து தமது மனக்குறையைக் கூறினார். அறுபது வாடிக்கையாளரின் இலக்கங்களைச் சேர்த்து, எல்லோருக்கும் ஒரே தடவையில் செய்தி செல்லும் “Broadcast” பட்டியல் ஒன்றை அமைத்து, புதிய தூளின் விலையை அனுப்பினாராம். “நாலு பேர்தான் மறுமொழி தந்தவை, மாஸ்டர். சனத்துக்கு விருப்பமில்லைப் போலை.”

அவருடைய கைத்தொலைபேசியை வாங்கி, அச்செய்தியின் மீது விரலை அழுத்தி, “Message info” என்பதைத் திறந்து பார்த்தோம். அறுபது பேரில் பத்தொன்பது பேருக்கே செய்தி சென்று சேர்ந்திருந்தது. ஏனையோர் வெறுத்தவரல்லர், அவர்கள் அதனைக் காணவேயில்லை. காரணம் இதுதான்: இத்தகைய பட்டியல் வழியாக அனுப்பும் செய்தி, நமது இலக்கத்தைத் தமது தொலைபேசியில் பதிந்து வைத்திருப்போருக்கு மட்டுமே செல்லும். நாம் அவர்கள் இலக்கத்தைப் பதிந்தால் போதாது. அவர்களும் நம்முடையதைப் பதிதல் வேண்டும். கேளாதவர் மீது விளம்பரம் கொட்டப்படாதிருக்கச் செய்த ஏற்பாடு இது.

பரிகாரம் கல்லாப்பெட்டி அருகிலேயே இருக்கிறது. பற்றுச்சீட்டில் கடை இலக்கத்தை முத்திரையாகக் குத்துக. காசு வாங்கும்போது, “அக்கா, இந்த இலக்கத்தைப் பதிஞ்சுபோட்டு, உங்கடை பெயரை ஒருக்கால் அனுப்பிவிடுங்கோ, புதுச் சாமான் வந்தால் அறிவிக்கிறம்” என்று கூறுக. பெயரை அனுப்புகிறவர் தமது சம்மதத்தையும் சேர்த்தே தந்துவிடுகிறார். சிலர் எல்லோரையும் ஒரு குழுவில் சேர்த்துவிடுகின்றனர். அது தவறு. குழுவிலே ஒருவரது இலக்கம் மற்றையோர் அனைவருக்கும் தெரியும். பெண்கள் பலர் அதனால் இடருற்றுக் கடையையே விட்டு நீங்குவர்.

இறுதியாகக் களவு பற்றிக் கூறினோம். வட்ஸ்அப்பைத் திறக்கும்போது நமது இலக்கத்துக்கு ஆறு இலக்கக் குறியீடு ஒன்று வரும். அது கடையின் திறப்புக்கு ஒப்பானது. தெரிந்தவர் பெயரிலேயே, “தவறுதலாக உங்களுக்கு ஒரு குறியீடு வந்துவிட்டது, அனுப்பிவிடுங்கள்” என்று செய்தி வரும். அனுப்பினால் கணக்குக் கள்வன் கைக்குப் போய்விடும். பின்னர் அவன் முதலாளியின் பெயரால் வாடிக்கையாளரிடம் அவசரப் பணம் கேட்பான். பணத்தை இழப்பவர் வாடிக்கையாளர்; நம்பிக்கையை இழப்பது கடை.

இதனைத் தடுக்க, அமைப்புகளில் “Two-step verification” என்பதைத் திறந்து, நாமே தெரிந்தெடுத்த ஆறு இலக்கங்களைப் பூட்டாக இடலாம். அப்பொழுது குறியீடு மட்டும் கிடைத்தவனால் உள்ளே வர முடியாது. ஒருவேளை கணக்குப் பறிபோனால், அதே இலக்கத்தைக் கொண்டு மீண்டும் பதிந்து, குறுஞ்செய்தியில் வரும் குறியீட்டை இடுக, கள்வன் வெளியேற்றப்படுவான். அவன் தனது பூட்டை இட்டிருந்தால் நாம் உள்ளே செல்ல ஏழு நாட்கள் காத்திருத்தல் வேண்டும். அந்த ஏழு நாட்களும் வாடிக்கையாளருக்கு நேரடியாக அழைப்பெடுத்து எச்சரித்தல் கடமையாகும்.

முகநூலைக் கேட்ட பெரியவருக்கும் ஒரு சொல் கூறினோம். “ஐயா, இது நடைபோடத் தொடங்கியபின் அங்கே செல்லுங்கள். சென்றால் உங்கள் சொந்தக் கணக்கில் விற்காமல், கடைக்கென ஒரு ‘பக்கம்’ திறவுங்கள். சொந்தக் கணக்கு 5,000 நண்பரோடு நின்றுவிடும். அதனை முதன்மையாக வியாபாரத்துக்குப் பயன்படுத்துவது அவர்களுடைய விதிக்கும் மாறானது.”

மூன்று வாரங்களின் பின், தூள் விற்கும் அன்பரைச் சந்தையில் கண்டோம். பட்டியலில் அறுபது பேர் இல்லை. முப்பத்தாறு பேரே இருந்தனர். “ஆனால் மாஸ்டர், எல்லாருக்கும் போய்ச் சேருது” என்றார். அவருடைய மேசையில் முத்திரைக் கட்டையின் மை இன்னும் காயாதிருந்தது.